ஒப்புமை காணும் கருவியும் தமிழ் எழுத்தும்



கல்லூரியிலே ஆய்வேடு எழுதி முடித்த மாணவர் ஒருவர் அதனைப் பல்கலைக்கழகத்தில் அளிக்கும்போது, அதனுடன் மற்றொரு தாளையும் சேர்த்து அளிக்க வேண்டியிருக்கிறது. அத்தாளில் ஒரு விழுக்காட்டு எண் அச்சிடப்பட்டிருக்கும். ஆய்வேட்டில் உள்ள சொற்களுள் நூற்றுக்கு எத்தனை சொற்கள் பிறருடைய எழுத்தோடு ஒத்திருக்கின்றன என்பதை அந்த எண் காட்டும். மாணவர்கள் இதனைச் 'சிமிலாரிட்டி ரிப்போர்ட்' என்பர்; நாம் ஒப்புமை அறிக்கை என்று சொல்லிக்கொள்வோம். அவ்வறிக்கையைத் தருவது கணிப்பொறியில் இயங்கும் ஒப்புமை காணும் கருவி. அந்தக் கருவி தமிழ்ப் பக்கத்தை எவ்வாறு படிக்கிறது, எந்த இடங்களில் படிக்கத் தவறுகிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அந்த எண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஆம் ஆண்டில் விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரையில் இருந்தால் தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரையில் இருந்தால், ஆய்வேட்டைத் திருத்தி ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் மீண்டும் அளிக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரையில் என்றால், ஓராண்டுக் காலம் திருத்திய ஆய்வேட்டை அளிக்கவே இயலாது. அறுபதையும் தாண்டினால் பதிவே நீக்கப்படும். ஓர் எண் ஒரு மாணவரின் ஆறு மாதத்தையோ ஓராண்டையோ எடுத்துக்கொள்ளக்கூடும் என்றால், அவ்வெண் எப்படிப் பிறக்கிறது என்று அறியாமல் இருக்கலாமா?

கருவிக்குக் கருத்து விளங்காது; களவு இன்னது, கடன் இன்னது என்றும் அதற்குத் தெரியாது. அது செய்வது ஒன்றே. அளிக்கப்பட்ட எழுத்தைச் சொற்களாகப் பிரிக்கிறது. பின்னர் அடுத்தடுத்துள்ள சில சொற்களை ஒரு கோவையாக எடுத்துக்கொள்கிறது. முதல் சொல்லிலிருந்து மூன்று, இரண்டாம் சொல்லிலிருந்து மூன்று, மூன்றாம் சொல்லிலிருந்து மூன்று என்று, பூத்தொடுப்பவர் விரல் நகர்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து செல்லும். இங்கே மூன்று என்றது விளக்கத்துக்காக. கருவிக்குக் கருவி இவ்வெண் மாறும். ஒவ்வொரு கோவையையும் ஓர் எண்ணாக மாற்றிக்கொண்டு, தன் களஞ்சியத்தில் முன்னரே சேர்த்து வைத்துள்ள எண்களோடு ஒப்பிடும். எல்லா எண்களையும் வைத்துக்கொள்வது பெருஞ்சுமை ஆதலின், சிலவற்றை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்ளும் முறைகளும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று 2003 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் 'தூற்றுதல்' எனலாம். களத்திலே பதரைப் போக்கி மணியைக் கொள்வது போன்ற செயல் என்பதனால் அப்பெயர்.

இம்முறையில் இரண்டு அடிப்படைகள் உள்ளன. ஒன்று, எழுத்து எழுத்தாகவே கருவிக்குக் கிடைக்க வேண்டும். இரண்டு, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும். ஆங்கிலத்துக்கு இரண்டும் பெரும்பாலும் எளிதில் அமைகின்றன. தமிழுக்கு இரண்டிலும் இடர்ப்பாடு உண்டு.

முதலில் எழுத்தைப் பார்ப்போம்.

கணிப்பொறியிலே எழுத்து என்பது எண். இன்று உலகமெங்கும் வழங்கும் யூனிகோடு முறையில் 'க' என்னும் எழுத்துக்கு U+0B95 என்னும் எண் உரியது. தமிழுக்கென்று U+0B80 முதல் U+0BFF வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை; அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதன்மேல் வரும் காலுக்கும் கொம்புக்கும் வேறு எண்கள் என்று அமைத்திருக்கிறார்கள். ஆகவே 'கொ' என்பதை இரண்டு வகையாக எழுத இயலும். ககரத்தின்பின் ஒகரக் குறி U+0BCA என்று இரண்டு எண்களால் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு U+0BC6, கால் U+0BBE என்று மூன்று எண்களாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நம் கண்ணுக்கு வேற்றுமை இல்லை. கருவிக்கோ அவை வெவ்வேறு சொற்கள்.

இதற்கு மருந்து உண்டு. ஒப்பிடுமுன் எழுத்தை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது என்று ஒரு முறை வகுத்து, அதற்கு NFC என்று பெயரிட்டிருக்கிறார்கள். நல்ல கருவி அதனை முதலிலேயே செய்துவிடும். ஆனால் அம்மருந்துக்கும் எட்டாத நோய்கள் சில உள்ளன. 'ஔவையார்' என்பதை முறைப்படி ஔகாரம் இட்டு எழுதுவார் சிலர். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று எழுதுவார் பலர். 'ஸ்ரீ' என்பதற்கும் இவ்வாறே இரு வகை எண் தொடர்கள் வழங்குகின்றன. இவற்றை NFC ஒன்றாக்குவதில்லை. ஏனெனில் கணிப்பொறியின் இலக்கணத்தில் அவை உண்மையாகவே வெவ்வேறு எழுத்துகள். இவை தவிர, கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்றும் உண்டு. U+200C என்பது அதன் எண். சொல்லின் நடுவில் அது புகுந்துகொண்டால், நீங்களும் நானும் எத்தனை முறை உற்று நோக்கினாலும் காணமாட்டோம். கருவியோ அச்சொல்லை வேறு சொல்லாக எண்ணிவிடும்.

இவையெல்லாம் சிறு பழுதுகள். பெரும்பழுது ஒன்று உண்டு. அது பழைய எழுத்துருக்களால் வருவது.

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பல்வேறு எழுத்துருக்கள் வழங்கின. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மிகுதியாகப் பயன்பட்ட பாமினி என்பது அவற்றுள் ஒன்று. அதிலே செய்த தந்திரம் இது: ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிட்டார்கள். ஆங்கில `j` என்பதன் இடத்தில் தகரம் வரையப்பட்டிருக்கும். `k` என்பதன் இடத்தில் மகரம். ஆகவே பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், கணிப்பொறியின் நினைவில் பதிவது இதுதான்:

```
jkpo;
```

தாளில் அச்சிட்டால் 'தமிழ்' என்று அழகாக வரும். கருவியிடம் கொடுத்தாலோ, அது காண்பது பொருளற்ற ஆங்கிலக் குப்பை. இறுதியில் நிற்கும் அரைப்புள்ளி நமக்கு மெய்யெழுத்தின் புள்ளி. கருவிக்கு அது நிறுத்தக்குறி. ஆதலின் அதனை உதறிவிட்டு எஞ்சியதைச் சொல்லாகக் கொள்ளும். உலக வலைத்தளங்களில் உள்ள தமிழெல்லாம் இன்று பெரும்பாலும் யூனிகோட்டில் இருக்க, இந்தக் குப்பை எதனோடு ஒக்கும்? ஒன்றனோடும் ஒவ்வாது. அறிக்கையில் பூச்சியம் என்று வரும். தமிழ்நாட்டரசு 2010 ஆம் ஆண்டிலேயே யூனிகோட்டையும் அதனுடன் டேஸ் 16 என்னும் முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் கைபழகிய தட்டச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்வேட்டைத் தட்டச்சு செய்யக் கொடுக்கும் மாணவரும் இருக்கிறார்கள்.

இதனைக் கண்டுபிடிக்க நிபுணர் எவரும் வேண்டா. பிடிஎஃப் கோப்பைத் திறந்து, ஒரு பத்தியைத் தெரிவு செய்து, நகலெடுத்து, எவ்வித அலங்காரமும் இல்லாத நோட்பேட் போன்ற எழுதுபலகையில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் நன்று. ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்தால் பழைய எழுத்துரு. ஒன்றுமே வராவிட்டால், பக்கங்கள் படமாக எடுக்கப்பட்டவை. அவற்றில் கருவி படிப்பதற்கு எழுத்தே இல்லை. நீங்கள் அங்கே காண்பது எதுவோ, ஏறத்தாழ அதையே கருவியும் காண்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். எழுத்து ஒழுங்காகக் கிடைத்தபின்னும் சொல்லைப் பிரிப்பதிலே ஒரு வேடிக்கை நேர்வதுண்டு. கணிப்பொறிக் கல்வி பயிலும் மாணவர்கள் பலர், தாமே ஓர் ஒப்புமைக் கருவியைச் செய்து பார்க்கிறார்கள். சில கல்லூரிகளில் அப்படிப்பட்ட கருவிகள் பயிற்சி ஏடுகளைச் சோதிக்கவும் பயன்படுகின்றன. பைத்தான் என்னும் நிரல்மொழியில் சொற்களைப் பிரிக்க வழக்கமாக எழுதும் கட்டளையைத் தமிழுக்கு இட்டால் விளைவது இது:

```python
import re
re.findall(r"\w+", "தமிழ் வீடு விடை")
# ['தம', 'ழ', 'வ', 'ட', 'வ', 'ட']
```

நடந்தது என்ன? அக்கட்டளை எழுத்தையும் இலக்கத்தையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. நம் விசிறியும் சுழியும் கொம்பும் புள்ளியும் யூனிகோட்டு வகுப்பில் எழுத்துகள் அல்ல, குறிகள். குறி வந்தவுடன் சொல் முடிந்தது என்று அது வெட்டிவிடுகிறது. 'தமிழ்' இரண்டு துண்டாயிற்று. அதைவிடக் கொடுமை, 'வீடு' என்பதும் 'விடை' என்பதும் ஒரே உருவம் பெற்றுவிட்டன. 'வாடை', 'வேடு' என்பனவும் அவ்வாறே ஆகும். உயிர்க்குறிகள் எல்லாம் உதிர்ந்தபின் மெய்களின் எலும்புக்கூடே எஞ்சுகிறது. இந்த எலும்புக்கூடுகளை ஒப்பிட்டால், தொடர்பில்லாத இரு கட்டுரைகளும் ஒத்திருப்பதாகத் தோன்றும். முன்னது பொய்யான பூச்சியம். இது பொய்யான குற்றச்சாட்டு. ஒரு கருவி இவ்வாறு செய்கிறதா என்று அறிய விரும்பினால், அது எண்ணிச் சொல்லும் சொற்களின் தொகையைப் பாருங்கள். நூறு சொல் உள்ள பத்தியை இருநூறு முந்நூறு என்று எண்ணினால் வெட்டு நிகழ்கிறது என்று பொருள்.

விலை கொடுத்து வாங்கும் பெரிய கருவிகளில் இத்தகைய பழுதை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. ஆனால் இடைவெளியைக் கொண்டே சொல்லைப் பிரிக்கும் எக்கருவிக்கும் நம் மொழியின் இயல்பே ஒரு தடையாக நிற்கிறது. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். பழைய கட்டுரை ஒன்றில் இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம்:

ஆற்று நீர் வற்றிய கோடையிலும் கிணற்று நீரைக்கொண்டு உழவர்கள் நெல் விளைவித்தனர்.

இதனைப் பார்த்து எழுதும் ஒருவர் இப்படி எழுதுகிறார்:

ஆற்றுநீர் வற்றிய கோடையிலும் உழவர்கள் கிணற்று நீரைக் கொண்டு நெல் விளைவித்தனர்.

ஒரு சொல்லும் மாறவில்லை. 'ஆற்று நீர்' சேர்ந்தது, 'நீரைக்கொண்டு' பிரிந்தது, 'உழவர்கள்' முன்னே வந்தனர். அவ்வளவே. இப்பொழுது மும்மூன்று சொற்களாகக் கோவை எடுங்கள். முதல் வாக்கியத்தில் ஒன்பது சொற்கள்; ஏழு கோவைகள். 'ஆற்று நீர் வற்றிய', 'நீர் வற்றிய கோடையிலும்', 'வற்றிய கோடையிலும் கிணற்று' என்று அவை செல்லும். இரண்டாவதிலும் ஒன்பது சொற்கள், ஏழு கோவைகள். 'ஆற்றுநீர் வற்றிய கோடையிலும்', 'வற்றிய கோடையிலும் உழவர்கள்', 'கோடையிலும் உழவர்கள் கிணற்று' என்பன அவை. ஓய்வாக இருக்கும்போது தாளில் எழுதிச் சரிபாருங்கள். ஏழுக்கு ஏழும் வேறுபடுகின்றன. ஒத்த கோவை ஒன்றுகூட இல்லை. மனிதர் எவரும் ஒரே பார்வையில் 'இது அதுவே' என்று சொல்லக்கூடிய வாக்கியத்தைக் கருவி புதியது என்கிறது.

ஆங்கிலத்தில் சொற்களின் வரிசையை இப்படி எளிதில் மாற்ற இயலாது. மாற்றினால் பொருள் கெடும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடே ஒட்டி நிற்பதனால் சொல் எங்கு நின்றாலும் பொருள் நிற்கும். நம் மொழிக்கு அணியாகிய இவ்வியல்பு கருவிக்கு இடர். இதனோடு சந்தியும் சேர்கிறது. 'நூலைப் படித்தான்' என்பதும் வல்லெழுத்தை விட்டு 'நூலை படித்தான்' என்பதும் கருவிக்கு வேறு வேறு. ஒற்றுப்பிழை மலிந்த ஏடு, ஒற்றுப் பிழையில்லாத மூலத்தோடு ஒவ்வாமல் தப்பிவிடும். ஒற்றை விட்டவனுக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைப்பார், கருவி பரிசளிக்கிறது!

சரி, இதற்கு வழியே இல்லையா? உண்டு. சொல்லை விட்டுவிட்டு எழுத்தைக் கொண்டு கோவை எடுப்பது. இடைவெளிகளை எல்லாம் நீக்கிவிட்டு, ஐந்தைந்து எழுத்தாக நகர்ந்து செல்வோம். 'ஆற்றுநீர்வற்றியகோடையிலும்' என்பதில் உயிர்மெய்யை ஓர் எழுத்தாகக் கொண்டால் பதினான்கு எழுத்துகள்; மெய்யும் தனி எழுத்து. அதில் பத்துக் கோவைகள். பத்தும் இரண்டு வாக்கியத்திலும் உள்ளன. 'கிணற்றுநீரைக்கொண்டு' என்பதில் ஆறு, 'உழவர்கள்' என்பதில் இரண்டு, 'நெல்விளைவித்தனர்' என்பதில் ஐந்து. வாக்கியம் முழுதும் 39 எழுத்துகள். எனவே 35 கோவைகள். அவற்றுள் 23 ஒத்திருக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. சொல்வழியில் பூச்சியமாக இருந்த ஒப்புமை எழுத்துவழியில் நூற்றுக்கு 66 ஆயிற்று.

இம்முறைக்கும் விலை உண்டு. 'கின்றனர்' என்னும் விகுதித் தொடரே ஐந்து எழுத்து. தமிழில் எழுதுவோர் எல்லாருடைய ஏட்டிலும் அது வரும். கோவை குறுகியதாக இருந்தால் இவ்விகுதிகளே எங்கும் ஒப்புமை காட்டும். நீண்டதாக இருந்தால் சிறு மாற்றத்துக்கும் அறுந்துபோகும். எத்தனை எழுத்து தக்கது என்பதைத் தமிழ் ஏடுகளை வைத்தே சோதித்துத் தெளிய வேண்டும். ஆங்கிலத்துக்கு அமைத்த அளவைக் கடன் வாங்கினால் பயன்படாது.

அளவைக் கடன் வாங்குவதன் தீங்குக்கு விதிமுறையிலேயே ஒரு சான்று இருக்கிறது. முன்னே சொன்ன 2018 ஆம் ஆண்டு விதி, பொது அறிவாகவோ தற்செயலாகவோ அமைந்த தொடர்கள் அடுத்தடுத்துப் பதினான்கு சொற்கள் வரையில் ஒத்திருந்தால் அவற்றை விலக்கலாம் என்கிறது. இந்தப் பதினான்கு எல்லா மொழிக்கும் பொது. 'வரமுடியாதவர்களுக்கும்' என்பது நமக்கு ஒரே சொல். இதனை ஆங்கிலத்தில் சொல்லப் பல சொற்கள் வேண்டும். நாம் சற்றுமுன் கண்ட உழவர் வாக்கியம் முழுதுமே ஒன்பது சொற்கள்தாம். அதாவது, தமிழில் ஒரு முழு வாக்கியத்தை அப்படியே எடுத்து எழுதினாலும் அது பதினான்குக்குள் அடங்கிவிடக்கூடும். கருவியில் அந்த அளவை எந்திரம் போல அமைத்துவிட்டால், ஆங்கிலத்தில் எழுதும் மாணவருக்குக் கிடைக்கும் சலுகையைக் காட்டிலும் தமிழில் எழுதுபவருக்குப் பெரிய சலுகை கிடைக்கிறது. விதி செய்தோர் இதனைக் கருதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருமொழி கலந்த ஏட்டைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். இன்றைய ஆய்வேடுகளில் பல அத்தகையனவே. தமிழ் உரைநடைக்கு நடுவே ஆங்கில வரையறைகள், ஆங்கிலச் சுருக்கம், கலைச்சொற்கள் என்று கலந்து வரும். ஒரே சொல்லுக்குப் பல கோலங்கள் உண்டு:

```
PDF-ஐ
PDFஐ
பிடிஎஃப்பை
```

மூன்றும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். சில கருவிகள் முதலாவதை இரண்டு சொல்லாகவும் இரண்டாவதை ஒரு சொல்லாகவும் கொள்ளும். மூன்றாவதை மற்ற இரண்டோடும் தொடர்புபடுத்த எழுத்தை ஒப்பிடும் கருவிக்கு வழியே இல்லை.

ஆனால் கலப்பினால் வரும் உண்மையான குழப்பம் இதுவன்று, விழுக்காட்டிலே வருவது. ஓர் ஆய்வேட்டில் ஐம்பதாயிரம் சொற்கள் இருப்பதாகக் கொள்வோம். 45,000 தமிழ், 5,000 ஆங்கிலம். கருவியின் களஞ்சியத்தில் ஆங்கில நூல்கள் நிறைய உள்ளன. தமிழ் மிகக் குறைவு. ஆங்கிலப் பகுதியில் 1,500 சொற்கள் ஒத்திருப்பதாக அது கண்டுபிடிக்கிறது. முழு ஏட்டையும் அடியெண்ணாகக் கொண்டால் 1,500 என்பது நூற்றுக்கு மூன்று. தண்டனை இல்லை. அதே ஏட்டின் தமிழ்ப்பகுதி பழைய எழுத்துருவில் இருந்து, கருவி அதனைச் சொற்களாகவே கருதாமல் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது அடியெண் 5,000 மட்டுமே. அதே 1,500 இப்பொழுது நூற்றுக்கு முப்பது ஆகிவிடும். மாணவர் ஆறு மாதத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். ஏடு மாறவில்லை, குற்றமும் மாறவில்லை, வகுக்கும் எண் மாறியது. மூன்று என்பதும் முப்பது என்பதும் தமிழ்ப்பகுதியைப் பற்றி எதனையுமே சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆங்கில நூலைத் தமிழாக்கித் தன் எழுத்தாக வைப்பவரையும் சொற்கோவை முறை காணமாட்டாது. இரு ஏட்டிலும் பொதுவான எழுத்து ஒன்றும் இல்லையே! அதனை நெடுநாள் விடைத்தாள் திருத்திய கண்கள் காணும். தேவையில்லாத இடமெல்லாம் 'ஒரு' என்று வருவதும், நேராகச் சொல்லவேண்டியதைச் செயப்பாட்டு வினையில் சொல்வதும் மொழிபெயர்ப்பின் கால்தடங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பள்ளியிற் பயின்ற இருவர் ஒரே ஆண்டில் தத்தம் ஆய்வேட்டு அறிக்கைகளோடு வந்தார்கள். ஒருவர் சங்கப் பாடல்களை ஆராய்ந்தவர். அவருக்கு முப்பத்தொன்று என்று வந்திருந்தது. மற்றவர் தம் வட்டாரத்து ஏரிப்பாசனத்தைப் பற்றி எழுதியவர், அவருக்குப் பூச்சியம். முன்னவர் கலங்கிப்போயிருந்தார். அறிக்கையின் முதல் தாளை மட்டும் பார்த்துவிட்டு, 'முப்பத்தொன்று. திருத்தி வாருங்கள்' என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். எதனைத் திருத்துவது என்று அவர்கள் சொல்லவில்லை.

நான் வண்ணமிட்டுக் காட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வண்ணம் விழுந்திருந்தவை பெரும்பாலும் பாடல்கள். பாட்டை மேற்கோள் குறிக்குள் இடாமல், நம் தமிழேடுகளின் வழக்கப்படி உள்ளே தள்ளித் தனி அடிகளாக அமைத்திருந்தார். பாடலின் எண்ணும் நூலின் பெயரும் கீழே இருந்தன. கருவியோ மேற்கோள் குறியைக் கொண்டே மேற்கோளை அறிகிறது. ஓரத்திலிருந்து தள்ளி எழுதுவதன் பொருளை அது அறியாது. இன்னொரு வியப்பும் கண்டேன். அவர் சீர்பிரித்து எழுதிய பாடல்கள் சீர்பிரித்த பதிப்போடு ஒத்து வண்ணம் பெற்றன. சந்தி பிரித்து எழுதிய சில பாடல்கள் வண்ணமே பெறவில்லை. சீர் பிரிக்கும்போது சொல் நடுவிலே உடைவதுண்டு அன்றோ? ஒரே பாட்டு ஓரிடத்தில் களவாகவும் ஓரிடத்தில் சொந்தமாகவும் எண்ணப்பட்டிருந்தது! மூலம் குறித்துக் காட்டிய மேற்கோளை விலக்க வேண்டும் என்பது விதியிலேயே உள்ளது. அதனை எடுத்துக்காட்டி ஒரு மடல் எழுதச் சொன்னேன். பாடல்களுக்கு மேற்கோள் குறி இட்டு மறுபடியும் கருவியில் இட்டபோது ஏழு என்று வந்தது.

பூச்சியம் பெற்றவர் மகிழ்ச்சியாக இருந்தார். அவர் கோப்பிலிருந்து ஒரு பத்தியை எழுதுபலகையில் ஒட்டினேன். ஆங்கில எழுத்துகளாகக் கொட்டின. தட்டச்சர் பாமினியில் அடித்திருக்கிறார். "ஐயா, இதை நீங்கள் பார்க்காமலே இருந்திருக்கலாம்" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. எழுத்துருவை யூனிகோட்டுக்கு மாற்றி, நெறியாளரிடம் சொல்லி மீண்டும் சோதிக்குமாறு வற்புறுத்தினேன். நான்கு என்று வந்தது. அவர் நேர்மையாகவே எழுதியிருந்தார். ஆனால் அந்த நான்குதான் அவருடைய நேர்மைக்கு ஓரளவேனும் சான்றாகும். முதலில் வந்த பூச்சியம் எதற்கும் சான்றன்று.

ஓரளவேனும் என்று ஏன் சொன்னேன் என்றால், கருவி தன் களஞ்சியத்தில் உள்ளதோடு மட்டுமே ஒப்பிடும். அச்சில் மட்டும் வந்து, கணிப்பொறியில் ஏறாத தமிழ் நூல்கள் ஏராளம். நூலகத்து அலமாரியில் இருக்கும் பழைய ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலையே எடுத்து எழுதினாலும், அது எண்ணேற்றம் பெறாதிருந்தால் கருவி அறியாது. படமெடுத்த பக்கங்களை எழுத்தாக மாற்றிச் சேர்த்திருந்தாலும், மாற்றும்போது ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பாகவும் ணகரம் னகரமாகவும் திரிந்திருந்தால் சொற்கள் ஒவ்வா.

உங்கள் கல்லூரியில் உள்ள கருவி தமிழைக் காண்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. எவரும் செய்யலாம், கருவியை இயக்கும் நூலகரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுநாளாக உள்ள ஒரு கட்டுரையிலிருந்து இருநூறு சொற்களை மாற்றாமல் எடுத்து ஒரு கோப்பாக்குங்கள். அதே பகுதியில் சில சொற்களைச் சேர்த்தும் பிரித்தும், வரிசை மாற்றியும் இரண்டாவது கோப்பு. அதே பகுதியைப் பாமினியில் அமைத்து மூன்றாவது கோப்பு. மூன்றையும், களஞ்சியத்தில் சேராதபடி அமைத்துக்கொண்டு, தனித்தனியே இடுங்கள். களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டால் மறுநாள் உங்கள் சோதனையே உங்களுக்கு மூலமாக வந்து நிற்கும். முதல் கோப்புக்கே எண் மிகக் குறைவாக வந்தால், அக்கருவியின் களஞ்சியத்தில் தமிழ் இல்லை, அல்லது அது தமிழைப் படிக்கவில்லை. முதலாவதற்கு நூறை ஒட்டியும் இரண்டாவதற்கு மிகக் குறைவாகவும் வந்தால், அது சொற்கோவையால் ஒப்பிடுகிறது. மூன்றாவதற்குப் பெரும்பாலும் பூச்சியமே வரும். முதல் கோப்பின் அளவுக்கு வந்தால், கருவி செய்தவர் தமிழறிந்து செய்திருக்கிறார் என்று கொள்ளலாம். மூன்று எண்களையும் நாளையும் ஒரு தாளில் குறித்து நூலகரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்து அங்கே வரும் தமிழ் ஆய்வேட்டின் அறிக்கையைப் படிப்பவருக்கு அத்தாள் பக்கத்தில் இருக்க வேண்டும்.